லெவல் 2 என்றால் எதில் லெவல் 2? ஜாக்கெட் ஆர்மர், பேக் ப்ரொடெக்டர், ஏர்பேக் வெஸ்ட் வாங்குபவர்களுக்கு

புதிதாக ரைடிங் ஜாக்கெட் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "லெவல் 1 போதுமா, லெவல் 2 வேண்டுமா?" கடைக்காரரும் உடனே "இது சிஇ லெவல் 2 சார்" என்று அட்டையைக் காட்டிவிடுவார். அங்கேயே நிறுத்தி, "எதில் லெவல் 2?" என்று திருப்பிக் கேளுங்கள். தோள்பட்டைக்கு லெவல் 2 ஒன்று, முதுகுக்கு லெவல் 2 வேறு, ஏர்பேக்குக்கு லெவல் 2 அதற்கும் முற்றிலும் வேறு. மூன்றிலும் போட்டிருப்பது அதே எண்தான், ஆனால் அதன் பின்னால் இருக்கும் அளவு எட்டு மடங்கு வரை மாறுகிறது. இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி, ஏர்பேக் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வதும் சுலபமாகிவிடும்.

முதலில் ஆர்மரை வெளியே எடுங்கள்

ஜாக்கெட்டில் தொங்கும் அட்டையையோ இணையப் பக்கத்தில் போட்டிருப்பதையோ நம்ப வேண்டாம். தோள், முழங்கை, முதுகு ஆகிய இடங்களில் உள்பக்கம் வெல்க்ரோ போட்ட சிறிய பைகள் இருக்கும். திறந்து உள்ளே இருக்கும் பேடை வெளியே இழுங்கள். கடையில் இதைச் செய்ய விடமாட்டேன் என்றால் அந்தக் கடையை விட்டுவிடலாம்.

தகுதிச் சான்று பெற்ற ஆர்மரில், அந்தப் பேடின் மேலேயே அச்சிட்டோ வார்த்தோ தைத்தோ ஒரு குறி இருக்கும். பைக் ஓட்டுபவரின் சின்னப் படம், அதன் அருகே ஐரோப்பியத் தரத்தின் எண், எந்த உடல் பாகத்துக்கு என்ற எழுத்து, லெவல் எண். இவைதான் பார்க்க வேண்டியவை. தர எண் எல்லாவற்றுக்கும் 1621 என்றுதான் தொடங்கும். கோடு போட்டு அதற்குப் பின் வரும் ஒற்றை இலக்கம்தான் முக்கியம். 1621-1 என்றால் கை கால் மூட்டுகள், அதாவது தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால். 1621-2 என்றால் முதுகு. 1621-3 மார்பு. 1621-4 காற்று நிரம்பும் வகை, நம் ஏர்பேக்.

1621-1 பேடில் எஸ் என்றால் தோள், ஈ என்றால் முழங்கை, ஹெச் இடுப்பு, கே முழங்கால். பக்கத்திலேயே டைப் ஏ அல்லது டைப் பி என்று இருக்கும். இது பேடின் பரப்பு: ஏ சிறியது, பி பெரியது. ஒல்லியான ஜாக்கெட்டுகளில் ஏ-தான் வைப்பார்கள். லெவல் 2 டைப் ஏ பேடா, லெவல் 1 டைப் பி பேடா என்று கேட்டால் நான் பல சமயம் இரண்டாவதையே எடுப்பேன், ஏனென்றால் விழும்போது முழங்கை எந்தக் கோணத்தில் ரோட்டில் படும் என்று யாராலும் சொல்ல முடியாது. எலும்பு மேல் இல்லாத பேட் எத்தனை லெவலாக இருந்தாலும் பயனில்லை.

குறியே இல்லாத பேட் என்றால் அது வெறும் ஸ்பாஞ்ச். குறிப்பாக முதுகில். ஜாக்கெட் துணிக்கான தரம் (17092 என்ற எண் கொண்டது, ஏஏஏ, ஏஏ, ஏ என்று வகுப்புகள் போடுவார்களே, அது) தோளிலும் முழங்கையிலும் ஆர்மர் கேட்கிறது, முதுகில் கேட்பதில்லை. அதனால் ஏஏ வகுப்பு ஜாக்கெட் வாங்கி, முதுகுப் பையில் அரை அங்குல வெறும் நுரைப் பட்டையோடு வீட்டுக்கு வருவது மிகச் சாதாரணமாக நடக்கிற விஷயம். விற்றவர் பொய் சொல்லவில்லை, நாம்தான் கேட்கவில்லை. ஏஏ என்பது துணி உராய்வில் எவ்வளவு தாங்கும், தையல் எவ்வளவு பிடிக்கும் என்பதைப் பற்றிய வகுப்பு, அடியை எவ்வளவு வாங்கும் என்பது தனிக் கணக்கு. அதே வரிசையில் பி என்றால் ஆர்மரே இல்லாத ஆடை, சி என்றால் ஆர்மரைப் பிடித்து வைப்பதற்கு மட்டுமான வலை மாதிரி உள்ளாடை. சி வகுப்பை மட்டும் போட்டுக்கொண்டு ஓட்டினால் தோல் உரியும்.

அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன சோதனை

சோதனை எளிமையானதுதான். 5 கிலோ எடையை ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்திலிருந்து பேடின் மேல் போடுகிறார்கள். கீழே பேடுக்கு அடியில் இரும்பு அச்சும் விசையை அளக்கும் கருவியும். பேடைத் தாண்டி எவ்வளவு விசை கீழே வந்து சேருகிறது என்று பார்க்கிறார்கள். விழும் எடையின் ஆற்றல் 50 ஜூல், படும்போது அதன் வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர்.

"வெறும் 16 கிலோமீட்டரா, நான் 60-ல் போகிறேனே" என்று தோன்றும். ஆனால் பைக்கிலிருந்து நழுவி விழும்போது ரோட்டைக் குத்துகிற வேகம் பெரும்பாலும் நீங்கள் விழுகிற உயரத்தைப் பொறுத்தது. 40-ல் போனாலும் 100-ல் போனாலும் சீட் உயரத்திலிருந்து கீழே வருவது ஏறத்தாழ அதே வேகத்தில்தான். முன்னோக்கிய வேகம் சறுக்கலாகப் போகும், அதைத் துணி பார்த்துக்கொள்ளும். கார்க் கதவிலோ கம்பத்திலோ நேராக மோதினால்தான் அந்த முன்வேகம் அடியாக மாறுகிறது. அதற்கு எந்த நுரைப் பேடும் பதில் இல்லை.

இப்போது எண்கள். கை கால் ஆர்மரில் லெவல் 1 என்றால் கீழே வருகிற சராசரி விசை 35 கிலோநியூட்டனுக்குள் இருக்க வேண்டும், லெவல் 2 என்றால் 20-க்குள். முதுகில் லெவல் 1 என்றால் 18-க்குள், லெவல் 2 என்றால் 9-க்குள். மெக்கானிக்கலாகத் திறக்கிற ஏர்பேக்கில் லெவல் 1-க்கு 4.5, லெவல் 2-க்கு 2.5. பார்த்தீர்களா, முழங்கைக்கான லெவல் 2 பேட் முதுகுத் தரத்தில் லெவல் 1-ஐக் கூடத் தாண்டவேண்டும் என்று கட்டாயம் இல்லை. 20 எங்கே, 18 எங்கே.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில ஜாக்கெட்டுகளில் முதுகுப் பையில் வைத்திருக்கும் பேடிலேயே 1621-1 லெவல் 2 என்று அச்சிட்டிருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், நல்ல நிறம், நல்ல எடை, லெவல் 2 என்ற பெரிய எழுத்து. ஆனால் அது மூட்டுக்கான சோதனை. முதுகில் இருக்கும் பேடில் கோட்டுக்குப் பின்னால் 2 இல்லையென்றால் அது முதுகுக்காகச் சோதிக்கப்படவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

கிலோநியூட்டன் மனதில் ஏறவில்லையா, மில்லிமீட்டரில் யோசித்துப் பாருங்கள். 50 ஜூல் ஆற்றலை ஒரு பொருள் நசுங்கி நிறுத்த வேண்டும். 2.5 மில்லிமீட்டரில் நிறுத்தினால் சராசரி விசை 20 கிலோநியூட்டன். 5 மில்லிமீட்டர் நசுங்க இடம் கிடைத்தால் 10. 20 மில்லிமீட்டர் கிடைத்தால் 2.5. (உண்மையில் விசை ஒரே சீராக வராது, உச்சத்தில் இதைவிட அதிகமாகவே இருக்கும், ஆனால் போக்கு இதுதான்.) ஆக ஆர்மர் செய்கிற ஒரே வேலை, அடி நிற்பதற்குக் கொஞ்சம் தூரம் கொடுப்பது. நுரை எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் 15 மில்லிமீட்டர் தடிமனுக்குள் 20 மில்லிமீட்டர் நசுங்க முடியாது. மெல்லியதாகவும் இருக்க வேண்டும், லெவல் 2-வாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டால் ஓரளவுக்குத்தான் கிடைக்கும். ஏர்பேக் 2.5-க்கு வருவதும் இதே காரணத்தால்தான்: காற்று நிரம்பிய பை பல சென்டிமீட்டர் தருகிறது.

முதுகு: லெவலுக்கு முன் அளவு

பேக் ப்ரொடெக்டரில் லெவல் 2 எடுங்கள், இதில் நான் விவாதத்துக்கே வரமாட்டேன். 18-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசம் பெரியது, வெயில் அதிகமாகத் தெரிவதற்கும் எடை கூடுவதற்கும் அது தகுதியானது. ஆனால் லெவலைப் பார்ப்பதற்கு முன் அது எந்த இடத்தை மறைக்கிறது என்று பாருங்கள். குறியில் எஃப்பி என்றால் முழு முதுகு, தோள்பட்டை எலும்புகள் வரை. சிபி என்றால் நடு முதுகு. எல்பி என்றால் கீழ் முதுகு மட்டும். ஜாக்கெட்டுக்குள் செருகுகிற பல இன்சர்ட்டுகள் சிபி வகைதான்.

அடுத்து நீளம். பேடிலேயே சென்டிமீட்டரில் ஒரு வரம்பு அச்சிட்டிருக்கும், அது இடுப்பிலிருந்து தோள் வரையிலான உங்கள் உடல் அளவு. உங்கள் உயரம் என்று நினைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரே உயரமுள்ள இருவருக்கு முதுகு நீளம் நாலைந்து சென்டிமீட்டர் வித்தியாசப்படலாம். வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, இடுப்பெலும்புக்கு மேல் பெல்ட் கட்டுகிற இடத்திலிருந்து தோளின் உச்சி வரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

ஒரு உதாரணம் பார்ப்போம். அளவு 45 சென்டிமீட்டர் என்று வருகிறது. வாங்கிய ஜாக்கெட்டின் முதுகுப் பையில் போகக்கூடிய இன்சர்ட் 38 முதல் 42 வரை என்று போட்ட சிபி லெவல் 2. அந்த நீளத்தோடு பை முடிந்துவிடுகிறது, அடுத்த அளவு உள்ளே நுழையாது. போட்டுக்கொண்டு பைக்கில் குனிந்து உட்கார்ந்தால் ஜாக்கெட் மேலே ஏறி, பேடின் கீழ் விளிம்பு விலா முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். இடுப்புக்கு மேலே ஒரு கை அகலம் ஒன்றுமே இல்லை. இவருக்கு இரண்டு வழி. ஒன்று, அந்தப் பையைக் காலியாக விட்டுவிட்டு, 43 முதல் 47 வரை வருகிற, தோள்பட்டை வாரும் இடுப்புப் பட்டையும் கொண்ட தனி எஃப்பி ப்ரொடெக்டர் வாங்குவது. இரண்டு, முதுகுப் பை நீளமாக இருக்கிற வேறு ஜாக்கெட். தனி ப்ரொடெக்டர் வேர்க்கும், மாட்ட அரை நிமிடம் கூட ஆகும், ஆனால் ஜாக்கெட் மேலே ஏறினாலும் அது இடத்தை விட்டு நகராது. நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட வேண்டாம், ஜாக்கெட் இறுகி மற்ற ஆர்மர்கள் இடம் மாறிவிடும்.

போட்டுப் பார்க்கும்போது

நின்றுகொண்டு கண்ணாடியில் பார்த்து ஜாக்கெட் வாங்குவதால்தான் ஆர்மர் பாதிப் பேருக்கு இடம் தவறுகிறது. கைகளை ஹேண்டில்பார் பிடிக்கிற மாதிரி நீட்டி, முழங்கையைக் கொஞ்சம் மடக்குங்கள். இன்னொரு கையால் முழங்கைப் பேடைப் பிடித்து இருபக்கமும் சுழற்றிப் பாருங்கள். எலும்பின் கூர்முனை பேடின் விளிம்புக்கு வெளியே வந்துவிட்டால் அந்த ஸ்லீவ் உங்களுக்குப் பெரிது. விழுந்து சறுக்கும்போது ரோடு துணியை இதைவிட முரட்டுத்தனமாகத் திருகும். கையின் மேல்பகுதியிலும் முன்கையிலும் இறுக்கும் ஸ்ட்ராப் இருந்தால் இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள், பல ஜாக்கெட்டுகள் அங்கேயே தேறிவிடும். தோள் பேடின் நடுப்பகுதி தோள் மூட்டின் வெளிவிளிம்பில் உட்கார வேண்டும், கழுத்துப் பக்கம் நகர்ந்து கிடக்கக் கூடாது.

இன்னொரு சின்ன விஷயம். பேடுக்கு வெப்பத்திலும் குளிரிலும் சோதனை செய்திருந்தால் டி பிளஸ், டி மைனஸ் என்று குறி இருக்கும்: ஒன்று 40 டிகிரியில், மற்றது மைனஸ் 10-ல். இது கட்டாயச் சோதனை கிடையாது, தயாரிப்பாளர் விரும்பினால் செய்வது. இன்றைய மெத்தென்ற நுரைகள் சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். வெயிலில் ஓட்டுபவருக்கு டி பிளஸ் இருக்கிற பேட் நல்லது, குளிரில் ஓட்டுபவருக்கு டி மைனஸ்.

ஒருமுறை பலமாக அடி வாங்கிய பேடைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும். அடி வாங்காத பேடையும் வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து மடக்கிப் பாருங்கள்: விரிசல் விழுகிறதா, ஓரம் உதிர்கிறதா, விரலால் அழுத்திய பள்ளம் திரும்பாமல் அப்படியே நிற்கிறதா. இதில் எது தெரிந்தாலும் மாற்ற வேண்டிய நேரம். ஜாக்கெட் துவைக்கும்போது ஆர்மரை எடுத்துவிட்டுத் துவையுங்கள்.

பேக் ப்ரொடெக்டர் செய்யாத வேலை

முதுகுத்தண்டு முறிவது என்றால் முதுகில் நேராக அடி விழுவது என்று நினைக்கிறோம். பைக் விபத்துகளில் பெரும்பாலும் தண்டு பாதிக்கப்படுவது வளைந்து, முறுக்கி, மேலிருந்து கீழாக அழுந்தி. தலையோ தோளோ இடுப்போ எங்கேயோ குத்தி நிற்க, மிச்ச உடல் தொடர்ந்து போவதால் வருவது அது. 9 கிலோநியூட்டன் பேட் அதைத் தடுக்காது. ரோட்டோரக் கல், நடைபாதை விளிம்பு, வேறொரு வண்டியின் மூலை முதுகில் படுவதற்குத்தான் அது. அது போதாதா என்றால், விலா, தசை, சிறுநீரகப் பக்கம் எல்லாவற்றுக்கும் அது நிச்சயம் பெரிய உதவி. ஆனால் மார்பு திறந்தே கிடக்கிறது, கழுத்தும் அப்படியே. பலர் முதுகுக்கு லெவல் 2 போட்டுவிட்டு மார்பில் ஒன்றுமே இல்லாமல் ஓட்டுவார்கள், முன்னால் நிற்கிற காரில் மோதினால் முதலில் படுவது மார்புதான் என்றாலும்.

ஏர்பேக்குக்கு வேலை இங்கேதான். நல்ல வெஸ்ட் மார்பு, முதுகு, விலாவின் பக்கங்கள், கழுத்தின் அடிப்பகுதி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்கிறது. கழுத்துப் பை ஹெல்மெட் விளிம்போடு ஒட்டி, தலை எல்லை மீறி மடங்குவதைக் கட்டுப்படுத்துகிறது. மோட்டோ ஜிபி பந்தயத்தில் 2018-லிருந்து ஏர்பேக் கட்டாயம். ஆனால் பந்தய வீரருக்குப் பொருந்துவது தினமும் சிக்னலில் நிற்பவருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அவருக்கு எதிரே கார் வருவதில்லை.

எவ்வளவு நேரம் இருக்கிறது

ஏர்பேக் இரண்டு வகை. ஒன்று கயிறு வகை: வெஸ்ட்டிலிருந்து ஒரு சுருள் கயிறு சீட்டுக்கு அருகே பைக்கின் ஃபிரேமில் மாட்டியிருக்கும். நீங்கள் பைக்கை விட்டுப் பிரிந்தால் கயிறு இழுபட்டு ஒரு ஊசி கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைக் குத்தும், பை நிரம்பும். இழுக்க 25 முதல் 30 கிலோ விசை தேவைப்படும் என்பது வழக்கமான அமைப்பு. இன்னொன்று எலெக்ட்ரானிக்: முடுக்கத்தையும் சுழற்சியையும் உணரும் சென்சார்கள் விபத்து என்று முடிவு செய்து தானே திறக்கும்.

மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறீர்கள், பக்கச் சந்திலிருந்து கார் குறுக்கே வந்து நின்றுவிட்டது, பிரேக் பிடிக்க நேரமில்லை. 40 என்பது விநாடிக்கு 11 மீட்டர். முன்சக்கரம் கதவில் படும் கணத்தில் உங்கள் மார்புக்கும் காருக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்த ஒரு மீட்டரைக் கடக்க 90 மில்லிவிநாடி. கயிறு வகையில் முதலில் கயிற்றின் தொய்வு தீர வேண்டும், நீங்கள் சீட்டிலிருந்து அரை மீட்டர் நகர்ந்தால்தான் அது இறுகும். அதற்கே 45 மில்லிவிநாடி போய்விடுகிறது. பை நிரம்ப இன்னும் சுமார் 100. மொத்தம் 145, உங்களிடம் இருந்தது 90. ஆக கதவில் மார்பு படும்போது பை பாதிதான் நிரம்பியிருக்கும். ஆனால் அங்கிருந்து தூக்கி எறியப்பட்டு ரோட்டில் விழும்போது முழுசாக நிரம்பியிருக்கும். எலெக்ட்ரானிக் வகை சக்கரம் தட்டிய அதிர்வையே பிடித்துக்கொள்வதால், உணர்ந்து நிரம்ப மொத்தம் 60 முதல் 80 மில்லிவிநாடி என்று வைத்தால் முதல் மோதலுக்கே ஓரளவு தயாராகிவிடுகிறது. ஓரளவுதான். வேகம் 60 என்றால் அதே ஒரு மீட்டருக்கு 60 மில்லிவிநாடிதான் கிடைக்கும்.

மணலில் முன்சக்கரம் வழுக்கி விழுகிற சாதாரண விழல் வேறு கதை. 80 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கீழே விழ 400 மில்லிவிநாடி ஆகும், கயிறு வகைக்கும் தாராளமாக நேரம் இருக்கிறது, பைக் உங்களை விட்டுப் பிரிந்தால். பைக்கோடு சேர்ந்தே, காலடியில் சிக்கியபடி சறுக்கினால் கயிறு இழுபடாமலே போகலாம். இதுதான் கயிறு வகையின் உண்மையான ஓட்டை. எலெக்ட்ரானிக்கின் ஓட்டை, நின்றுகொண்டிருக்கும்போது பின்னால் யாராவது மோதினால் எல்லா மாடலும் அதை ஒரே மாதிரி உணர்வதில்லை என்பது. மேனுவலில் "நிற்கும் நிலையில் மோதல்" பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கும் முன்பே படியுங்கள்.

தினமும் ஓட்டுபவருக்குச் சரிவருமா

என் பதில்: உங்கள் பையும் உங்கள் நிறுத்தங்களும் எப்படி என்பதைப் பொறுத்தது. வேகத்தைப் பொறுத்ததில்லை.

தினமும் வீட்டிலிருந்து வேலைக்கு 14 கிலோமீட்டர் போய் வருகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். தோளில் லேப்டாப் பை. வழியில் குழந்தையைப் பள்ளியில் இறக்கிவிட வேண்டும். இவருடைய முதல் பிரச்சினை பை. ஏர்பேக் முதுகுப் பக்கம் விரிய வேண்டும், மேலே இறுக்கிக் கட்டிய பை அதைத் தடுக்கும், விழும்போது லேப்டாப்பின் மூலையே முதுகில் குத்தும். பையைப் பைக்கின் பின்பெட்டிக்கோ பக்கப் பெட்டிக்கோ மாற்ற முடியாதவர் ஏர்பேக்கில் பணம் போடுவதற்கு முன் அந்தப் பெட்டியில் போடலாம். சில மாடல்கள் பையோடு அணியலாம் என்று சொல்கின்றன, அதைத் தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லியிருந்தால் மட்டுமே நம்புங்கள்.

இரண்டாவது, நிறுத்தங்கள். கயிறு வகையில் ஏறும்போது ஒவ்வொரு முறையும் மாட்ட வேண்டும், இறங்கும்போது கழற்ற வேண்டும். பள்ளி, பெட்ரோல் பங்க், ஆபீஸ், திரும்ப வரும்போது இரண்டு கடை என்று ஒரு நாளைக்குப் பல தடவை. கழற்ற மறந்து இறங்கினால் பெரும்பாலும் வெடிக்காது, கயிறு இழுத்துப் பிடிக்கும், ஞாபகம் வரும். ஆபத்து எதிர்ப்பக்கம்: மாட்ட மறப்பது. மாட்டாத வெஸ்ட் வெறும் தடித்த துணி. பல நிறுத்தம் உள்ளவர்கள் இரண்டாவது வாரத்தில் "பக்கத்துத் தெருதானே" என்று மாட்டாமல் போக ஆரம்பிப்பார்கள். இப்படிப்பட்டவருக்கு எலெக்ட்ரானிக்தான் பொருந்தும், ஜிப் போட்டால் போதும். ஆனால் அதை சார்ஜ் செய்ய வேண்டும். பொதுவாக 20 முதல் 30 மணி நேர ஓட்டம் வரும், தினம் ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கு வாரம் ஒருமுறை போதும். போனை சார்ஜில் போட மறக்கிற ஆள் என்றால் கயிறு வகையே மேல், அதற்கு மின்சாரமே வேண்டாம். சில எலெக்ட்ரானிக் மாடல்களுக்குச் சந்தாவும் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் வேலை செய்யாது; விலையைக் கணக்குப் போடும்போது மூன்று வருடச் சந்தாவைச் சேர்த்துப் போடுங்கள்.

மூன்றாவது, ஜாக்கெட். உள்ளே அணிகிற வெஸ்ட் என்றால் ஜாக்கெட்டுக்குள் பை விரிய இடம் வேண்டும். வெஸ்ட்டை உள்ளே போட்டு ஜிப்பை மூடியபின் மார்பின் முன்னால் ஜாக்கெட்டை இழுத்துப் பார்த்தால் குறைந்தது 5 சென்டிமீட்டர் வர வேண்டும், மேனுவல் அதிகமாகக் கேட்டால் அதன்படி. இறுக்கமான ஜாக்கெட்டுக்குள் திறந்தால் விரிய இடமில்லாமல் உங்கள் விலாவைத்தான் அது நெருக்கும். மேலே அணிகிற வகைக்கு இந்தத் தொல்லை இல்லை, எந்த ஜாக்கெட்டோடும் போகும், ஆனால் ரோட்டில் உரசுவது அதன் வெளித்துணிதான்.

வெயில் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு அடுக்கு, காற்று குறைவு, வேர்க்கும். வெஸ்ட் போடுவதற்காக ஜாக்கெட்டை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தப்பு. ஏர்பேக் தோளையும் முழங்கையையும் தோலையும் பாதுகாக்காது.

ஆக அந்த 14 கிலோமீட்டர்காரருக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் சரியான அளவில் லெவல் 2 முதுகு, அதோடு 1621-3 குறி போட்ட மார்பு பேட், பொருந்துகிற ஜாக்கெட். அடுத்து பையை பைக்கில் ஏற்றப் பெட்டி. அதற்குப் பிறகும் கையில் பணம் இருந்தால் எலெக்ட்ரானிக் வெஸ்ட். பாதி தூரம் நெடுஞ்சாலை, இரண்டே நிறுத்தம், முதுகில் பை இல்லை என்கிறவருக்கு வரிசையை மாற்றி, முதுகு ஆர்மருக்கு அடுத்தபடியாகவே ஏர்பேக் என்று சொல்வேன், கயிறு வகையும் அவருக்கு நன்றாகப் பொருந்தும். வெஸ்ட்டுக்குள்ளேயே பேக் ப்ரொடெக்டர் இருக்கிறதா, அதில் 1621-2 குறி இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் ஏதோ காரணத்தால் பை திறக்காவிட்டால் மிச்சம் இருப்பது அது மட்டும்தான். இல்லையென்றால் தயாரிப்பாளர் அனுமதிக்கிற ப்ரொடெக்டரை அடியில் போடுங்கள்.

வாங்கிய பிறகு

கயிறு வகை வாங்கினால் நீளத்தைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. பைக்கில் உட்கார்ந்து மாட்டி, ஃபுட்பெக்கில் எழுந்து நில்லுங்கள், பின்னால் திரும்பிப் பாருங்கள், முன்னால் முழுசாகக் குனியுங்கள். எதிலும் கயிறு இறுகக் கூடாது. அதற்கு மேல் தொய்வு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, அந்த அரை மீட்டர் கணக்கு ஞாபகம் இருக்கட்டும். கயிறு பிரேக் லைட் பக்கமோ செயின் பக்கமோ தொங்காமல் பாருங்கள்.

ஒருமுறை திறந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கயிறு வகையில் பையைச் சோதித்து, ஊசியை மீண்டும் அமைத்து, புதிய சிலிண்டர் நீங்களே போடலாம். உதிரி ஒன்று வீட்டில் இருக்கட்டும். எலெக்ட்ரானிக்கில் சில மாடல்களில் சிலிண்டரை நாமே மாற்றலாம், சிலவற்றை சர்வீசுக்கு அனுப்பியே ஆக வேண்டும், அதுவரை நீங்கள் ஏர்பேக் இல்லாமல்தான் ஓட்டுவீர்கள்.

சிலிண்டர் சத்தமில்லாமல் கசியலாம். அதன் உடலில் குறைந்தபட்ச மொத்த எடை கிராமில் பொறித்திருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மேனுவல் சொன்னபடி லீவரைப் பாதுகாப்பு நிலையில் வைத்துவிட்டு சிலிண்டரைக் கழற்றி, டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள். பொறித்த எடைக்குக் கீழே போயிருந்தால் அந்த சிலிண்டர் பையை முழுசாக நிரப்பாது, மாற்றுங்கள். திரும்ப மாட்டும்போது ஊசி பின்வாங்கிய நிலையில் இருக்கிறதா என்று முதலில் உள்ளே பார்த்துவிட்டே திருகுங்கள். நீண்டிருந்தால் கடைசித் திருகில் அங்கேயே திறந்துவிடும்.